பார் முன்னால் போனால் தொடையில் என்ன மாறுகிறது? ஃப்ரண்ட் ஸ்குவாட், பேக் ஸ்குவாட் கணக்கு

எடை மாட்டிய இரும்புத் தண்டான பாரைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஜிம்மில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: முன்தொடை வளர வேண்டுமா, ஃப்ரண்ட் ஸ்குவாட் போடு, பின்பக்கம் வளர வேண்டுமா, பேக் ஸ்குவாட் போடு. இது பாதிதான் சரி. பார் தோளுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது தொடைத் தசைக்கு நேரடியாகத் தெரியாது. பாரின் இடம் மாறும்போது முதலில் மாறுவது மேலுடம்பின் சாய்வு. சாய்வு குறைந்தால் முட்டி இன்னும் கொஞ்சம் முன்னால் போக வழி கிடைக்கிறது. முட்டி அந்த வழியைப் பயன்படுத்திக்கொண்டதா என்பதைப் பொறுத்துத்தான் முன்தொடையின் வேலை கூடுவதும் கூடாததும். நடுவில் இருக்கும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுவதால்தான், பல மாதம் ஃப்ரண்ட் ஸ்குவாட் போட்டும் தொடையில் எதுவும் தெரியவில்லை என்ற புலம்பல் வருகிறது.

ஸ்குவாட்டில் மீற முடியாத விதி ஒன்று உண்டு. பாரையும் உடம்பையும் சேர்த்த எடையின் மையம் பாதத்தின் நடுப்பகுதிக்கு மேலே, ஷூ லேஸ் கட்டும் இடத்துக்கு நேராக நிற்க வேண்டும். முன்னால் போனால் குதிகால் தூக்கும், பின்னால் போனால் பொத்தென்று உட்கார வேண்டியதுதான். எடை ஏற ஏற உடம்பின் பங்கு குறைந்து, பாரே அந்தக் கோட்டில் வந்து நிற்கிறது. கனமான செட்டைப் பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பாருங்கள், பார் ஏறக்குறைய நேர்கோட்டில் இறங்கி நேர்கோட்டில் ஏறும். மற்றதெல்லாம் அந்தக் கோட்டுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

பேக் ஸ்குவாட்டில் பார் முதுகுப் பக்கம் இருக்கிறது. அதை நடுப்பாதத்துக்கு மேலே கொண்டுவர வேண்டுமானால் மேலுடம்பு முன்னால் சாய்ந்தாக வேண்டும். ஹை பார் என்றால் கழுத்துக்குக் கீழே, டிராப்பீசியஸ் தசையின் மேட்டில் பார் உட்காரும். லோ பார் என்றால் அதைவிடச் சில சென்டிமீட்டர் கீழே, தோள்பட்டையின் பின்தசை மேல். பார் கீழே இறங்க இறங்க அதே இடத்துக்கு அதைக் கொண்டுவர இன்னும் சாய வேண்டும். ஃப்ரண்ட் ஸ்குவாட்டில் பார் காறை எலும்புக்குச் சற்று மேலே, தோளின் முன்தசையில் படுத்திருக்கிறது. அது ஏற்கெனவே உடம்புக்கு முன்னால் இருப்பதால் சாய வேண்டிய தேவை குறைவு. அதையும் மீறிச் சாய்ந்தால் பார் உருண்டு விழுந்துவிடும்.

அளவு போட்டுப் பார்த்தால்தான் இது தெளிவாகும். தொடை எலும்பு 42 சென்டிமீட்டர், கீழ்க்காலும் 42 சென்டிமீட்டர் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். தொடை தரைக்கு இணையாக வரும்வரை அவர் இறங்கியிருக்கிறார். பக்கவாட்டில் பார்த்தால் முட்டிக்கும் இடுப்பு மூட்டுக்கும் இடையே கிடைமட்டமாக 42 சென்டிமீட்டர் இருக்கும். நடுப்பாதத்திலிருந்து மேலே ஒரு செங்குத்துக் கோடு போட்டால் அது இந்த 42 சென்டிமீட்டரை இரண்டாக வெட்டும். கோட்டுக்கு முன்னால் முட்டி வரை ஒரு துண்டு, பின்னால் இடுப்பு வரை ஒரு துண்டு. முன்துண்டு முட்டிக்கான நெம்பு தூரம், பின்துண்டு இடுப்புக்கான நெம்பு தூரம். எடையை இந்தத் தூரத்தால் பெருக்கினால் அந்த மூட்டு தாங்க வேண்டிய திருப்புத்திறன் கிடைக்கும். முட்டியில் வருவதை முன்தொடைத் தசைகள் தாங்குகின்றன. இடுப்பில் வருவதை பிட்டத் தசை, உள்தொடையின் பெரிய தசை, பின்தொடைத் தசைகள் ஆகியவை பகிர்ந்துகொள்கின்றன.

இவர் ஹை பாரில் 100 கிலோ வைத்து இறங்கும்போது முட்டி கோட்டுக்கு 16 சென்டிமீட்டர் முன்னால், இடுப்பு 26 சென்டிமீட்டர் பின்னால் இருப்பதாக வைப்போம். இடுப்பிலிருந்து பார் வரை முதுகு நெடுக 50 சென்டிமீட்டர், பார் உடம்பின் நடுக்கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் பின்னால். இந்த அளவுகளில் பாரைக் கோட்டுக்கு மேல் நிறுத்த அவர் செங்குத்திலிருந்து ஏறக்குறைய 37 டிகிரி சாய வேண்டும்.

இப்போது முட்டியையும் இடுப்பையும் அசைக்காமல் பாரை மட்டும் முன்னால் மாற்றுவோம். நடுக்கோட்டுக்கு 8 சென்டிமீட்டர் முன்னால், இடுப்பிலிருந்து முதுகு நெடுக 48 சென்டிமீட்டரில் பார். சாய்வு 23 டிகிரிக்கு வந்துவிடுகிறது. 14 டிகிரி வித்தியாசம், கண்ணுக்கே நன்றாகத் தெரியும். ஆனால் நெம்பு தூரங்களைப் பாருங்கள்: முட்டிக்கு அதே 16, இடுப்புக்கு அதே 26. மேலுடம்பு நிமிர்ந்துவிட்டது, ஆனால் பாரின் எடை தொடைக்கும் இடுப்புக்கும் பங்காவதில் ஒரு மாற்றமும் இல்லை. அதோடு ஃப்ரண்ட் ஸ்குவாட்டில் 100 கிலோ தூக்க முடியாது. பலருக்கும் பேக் ஸ்குவாட்டில் தூக்குவதில் 80 முதல் 85 சதவீதம்தான் வரும். 80 கிலோவை 16 சென்டிமீட்டரில் வைத்தால் முன்தொடைக்குப் போகும் சுமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துதான் போயிருக்கிறது! தொடைக்காக ஃப்ரண்ட் ஸ்குவாட்டுக்கு மாறியவர் உண்மையில் தொடைக்குக் குறைவான வேலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

மாறுதல் வருவது அடுத்த படியில். நிமிர்ந்த மேலுடம்பு கிடைத்ததும், இடுப்பைப் பின்னால் தள்ளாமல் நேராகக் கீழே இறக்க முடிகிறது. முட்டி 20 சென்டிமீட்டர் முன்னால் போகிறது, இடுப்பு 22 சென்டிமீட்டர் பின்னால் நிற்கிறது. சாய்வு இப்போது 17 டிகிரி அளவுக்கு வந்துவிடும். 80 கிலோவை 20 ஆல் பெருக்கினால் 1600. பேக் ஸ்குவாட்டில் 100 கிலோவை 16 ஆல் பெருக்கினாலும் 1600தான். முன்தொடைக்கு அதே சுமை, 20 கிலோ குறைவான எடையில். இடுப்புப் பக்கம் என்ன ஆனது? 100 ஐ 26 ஆல் பெருக்கி 2600 இருந்த இடத்தில், 80 ஐ 22 ஆல் பெருக்கி 1760. மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

ஃப்ரண்ட் ஸ்குவாட் தருவதை நான் இப்படித்தான் பார்க்கிறேன்: அது முன்தொடைக்கு மந்திரம் போட்டு அதிக வேலை கொடுப்பதில்லை. முன்தொடையின் வேலையை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு இடுப்பின், கீழ்முதுகின் சுமையைக் குறைக்கிறது. அதுவும் முட்டி முன்னால் போனால் மட்டும்.

லோ பாரையும் இதே கணக்கில் போட்டுவிடலாம். முட்டி 12, இடுப்பு 30, சாய்வு ஏறக்குறைய 50 டிகிரி. எடை 105 கிலோ என்று வைத்தால் முட்டிப் பக்கம் 1260, இடுப்புப் பக்கம் 3150. ஹை பாருக்கும் லோ பாருக்கும் உள்ள வித்தியாசம் சிறியது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இந்தக் கணக்கில் பாரின் எடை மட்டும்தான் சேர்ந்திருக்கிறது. மேலுடம்பின் சொந்த எடையையும் சேர்த்தால், சாய்வு அதிகமான இடத்தில் இடுப்புக்கு இன்னும் கொஞ்சம் கூடும், நிமிர்ந்த இடத்தில் அந்தக் கூடுதல் குறைவாக இருக்கும். வித்தியாசம் இன்னும் விரியுமே தவிர திசை மாறாது.

ஆய்வகத்தில் அளந்தவர்களும் இதற்குப் பக்கத்தில்தான் வந்திருக்கிறார்கள். 2009ல் குலெட்டும் சகாக்களும் பயிற்சி உள்ள 15 பேரை இரண்டு வகையிலும், அந்தந்த வகையில் ஒருமுறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 70 சதவீதத்தை வைத்துச் செய்ய வைத்தார்கள். தோலின் மேல் மின்முனை ஒட்டித் தசையின் செயல்பாட்டைப் பதிவு செய்தபோது தொடைத் தசைகளில் கணக்கில் எடுக்கும்படியான வித்தியாசம் இல்லை. முட்டியின் மேல் விழும் அழுத்த விசையும் திருப்புத்திறனும் பேக் ஸ்குவாட்டில்தான் அதிகமாக இருந்தன. ஃப்ரண்ட் ஸ்குவாட்டில் எடை குறைவு என்பதை நினைவில் வைத்தால் இது வியப்பில்லை. குறைந்த எடையில், முட்டிக்குக் குறைந்த அழுத்தத்தில், தசை ஏறக்குறைய அதே அளவு வேலை செய்தது. முட்டிக்குள் தொந்தரவு உள்ளவர்களுக்கு இது பயனுள்ள செய்தி.

முட்டி எங்கே போகிறது என்பதே பாரின் இடத்தைவிடப் பெரிய விஷயம் என்பதற்கு இன்னொரு சான்று 2003ல் வந்த ஆண்ட்ரூ ஃப்ரை குழுவின் ஆய்வு. அங்கே எல்லாம் பேக் ஸ்குவாட்தான், பார் நகரவே இல்லை. ஒரு முறை முட்டியை இஷ்டப்படி போகவிட்டார்கள், இன்னொரு முறை கால்விரலுக்கு முன்னால் ஒரு பலகையை நிறுத்தித் தடுத்தார்கள். தடுத்தபோது முட்டியின் திருப்புத்திறன் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117க்கு இறங்கியது. இடுப்பில் அது 28லிருந்து 303க்கு ஏறியது. முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது என்று இன்னும் அறிவுரை சொல்பவர்கள் சுமையைக் குறைக்கவில்லை, இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் இடம் மாற்றுகிறார்கள். ஃப்ரண்ட் ஸ்குவாட்டில் அந்த அறிவுரையைப் பின்பற்றினால் அந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்ததன் நோக்கமே போய்விடும்.

சரி, முட்டியை முன்னால் விடுவது என்று முடிவு செய்தால் போதுமா? போதாது, கணுக்கால் ஒத்துழைக்க வேண்டும். நம் உதாரண ஆளின் நடுப்பாதம் கணுக்காலுக்கு ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. முட்டி நடுப்பாதத்துக்கு 16 முன்னால் என்றால் கணுக்காலுக்கு 22 முன்னால். கீழ்க்கால் செங்குத்திலிருந்து 32 டிகிரி சாய்கிறது. 20 முன்னால் என்றால் 38 டிகிரி. அந்த ஆறு டிகிரியில்தான் ஃப்ரண்ட் ஸ்குவாட்டின் பலன் அடங்கியிருக்கிறது. கணுக்கால் 32 டிகிரிக்கு மேல் மடங்காமல் நின்றுவிட்டால், கட்டாயப்படுத்தி முன்னால் போகும்போது குதிகால் தூக்கும். இல்லையென்றால் பாதம் உள்பக்கம் சரிந்து முட்டி உள்ளே மடங்கும்.

இதைச் சோதிக்கச் சுவர் போதும். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து ஒரு முட்டி ஊன்றி அமர்ந்து, முன்காலின் பெருவிரலைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். குதிகாலைத் தூக்காமல் முட்டி சுவரைத் தொட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. 5, 6 சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டால், வெயிட்லிஃப்டிங் ஷூ உதவும். அதில் குதிகால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும், கீழ்க்காலுக்குக் கிட்டத்தட்ட 5 டிகிரி கூடுதலாகக் கிடைக்கும். குதிகாலுக்குக் கீழே சின்னப் பிளேட் வைப்பதும் அதே வேலையைச் செய்யும், ஆனால் கனமான எடையோடு அந்த விளிம்பில் நிற்பது எனக்குப் பிடிப்பதில்லை.

கீழே இறங்கும்போது இரண்டும் ஒன்றாக இருந்தாலும், மேலே ஏறும்போது இன்னொரு வித்தியாசம் வெளியே வருகிறது. பேக் ஸ்குவாட்டில் செட்டின் கடைசி ரெப்பில் பலருக்கு நடப்பது இது: அடியிலிருந்து எழும்போது இடுப்பு முதலில் மேலே பாய்கிறது, தோள் பின்தங்குகிறது. முட்டி சீக்கிரமே நிமிர்ந்து பின்னால் போய்விடும், மேலுடம்பு இன்னும் சாய்ந்திருக்கும், மீதி தூரத்தை இடுப்பும் முதுகும் முடித்துக்கொடுக்கும். முன்தொடை தாங்க முடியாத இடத்தில் உடம்பு சுமையை இடுப்புக்குத் தள்ளிவிடுகிறது. எடை மேலே வந்துவிடும், ரெப் கணக்கில் சேரும், ஆனால் அந்த ரெப்பில் தொடைக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். ஃப்ரண்ட் ஸ்குவாட்டில் இந்தக் குறுக்குவழி கிடையாது. இடுப்பு முந்தினால் மேலுடம்பு சாயும், சாய்ந்தால் முழங்கை தாழும், முழங்கை தாழ்ந்தால் பார் விரல் பக்கம் உருளும். வேறு வழியில்லாமல் முன்தொடை கடைசிவரை நின்று வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அசையாத நிலையில் போட்ட கணக்கில் முன்தொடைக்குச் சமமாகத் தெரிந்த இரண்டு பயிற்சிகள், களைப்பு வந்த பிறகு இப்படிப் பிரிந்துபோகின்றன. என்னைக் கேட்டால் தொடைக்காக ஃப்ரண்ட் ஸ்குவாட் போடுவதற்கு உறுதியான காரணம் இதுதான்.

எந்தத் தசை என்று இன்னும் நெருங்கிப் பார்த்தால், முன்தொடையில் இருக்கும் நான்கு தசைகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மூன்று தசைகள் தொடை எலும்பிலிருந்து கிளம்பி முட்டியை மட்டும் கடக்கின்றன. நடுவில் ஓடும் நான்காவது, ரெக்டஸ் ஃபெமோரிஸ், இடுப்பெலும்பிலிருந்து கிளம்பி இடுப்பு மூட்டையும் முட்டியையும் சேர்த்துக் கடக்கிறது. அது முட்டியை நிமிர்த்தும், ஆனால் இடுப்பை மடக்கும். ஸ்குவாட்டில் எழும்போது இடுப்பு நிமிர வேண்டும், அதனால் இந்தத் தசை முழுப் பலத்தோடு இழுத்தால் இடுப்புக்கு இடைஞ்சல். பின்தொடைத் தசைகளுக்கும் இதே சிக்கல் தலைகீழாக இருக்கிறது: இடுப்பை நிமிர்த்த உதவும், ஆனால் முட்டியை மடக்கும். ஜப்பானில் குபோ குழு 2019ல் வெளியிட்ட ஆய்வில் முழு ஆழ ஸ்குவாட், பாதி ஆழ ஸ்குவாட் என்று இரண்டு குழுக்கள் 10 வாரம் பயிற்சி செய்தன. பிட்டத் தசையும் உள்தொடைத் தசையும் முழு ஆழக் குழுவில் அதிகம் வளர்ந்தன. ரெக்டஸ் ஃபெமோரிஸும் பின்தொடைத் தசைகளும் இரண்டு குழுவிலும் வளரவில்லை.

அப்படியானால் பேக் ஸ்குவாட்டில் இடுப்புக்குப் போகும் கூடுதல் சுமையைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது பிட்டமும் உள்தொடையும்தான். பின்தொடைக்குப் பேக் ஸ்குவாட் போதும் என்பது தப்புக் கணக்கு. அதற்கு ருமேனியன் டெட்லிஃப்டும் லெக் கர்லும் வேண்டும். ரெக்டஸ் ஃபெமோரிஸுக்கு லெக் எக்ஸ்டென்ஷன். பார் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

ஃப்ரண்ட் ஸ்குவாட்டின் எல்லை தொடையில் இல்லை, மேல்முதுகில் இருக்கிறது. பார் மார்புக்கு முன்னால் தொங்குவதால் தோள்பட்டைகளுக்கு இடையில் உள்ள முதுகுப் பகுதியை அது முன்னால் வளைக்கப் பார்க்கும். அதைத் தடுக்கும் தசைகள் தொடையைவிடச் சிறியவை, சீக்கிரம் களைத்துவிடும். பார் மார்பையும் தொண்டையையும் நெருக்குவதால் மூச்சை நிரப்பி நிறுத்துவதும் ஒவ்வொரு ரெப்புக்கும் கடினமாகிறது. 10 ரெப் செட் போட்டால் ஏழாவது ரெப்பிலேயே முதுகு கூன் போட ஆரம்பித்து, தொடையில் இன்னும் பலம் இருக்கும்போதே பாரை ரேக்கில் வைக்க வேண்டிவரும். எதனால் செட் முடிந்தது என்று கவனித்தால் இது தெரிந்துவிடும். முழங்கை தாழ்ந்து பார் முன்னால் உருண்டதால் நிறுத்தினீர்கள் என்றால் முடிந்தது முதுகு. முழங்கை உயரமாக இருந்தும் அடியிலிருந்து எழ முடியாமல் நின்றீர்கள் என்றால் முடிந்தது தொடை. முதல் வகை என்றால் ஒரு செட்டுக்கு 4 முதல் 6 ரெப் என்று குறைத்து, செட்டுகளைக் கூட்டுவது நல்லது.

மணிக்கட்டு வலிக்கிறது என்று இதைக் கைவிடுபவர்கள் பெரும்பாலும் பாரைக் கையால் பிடித்துத் தூக்கப் பார்க்கிறார்கள். பாரைத் தாங்குவது தோள், விரல்கள் அது உருளாமல் பார்த்துக்கொள்ள மட்டுமே. இரண்டு விரல் பாருக்கு அடியில் இருந்தால் போதும். அதுவும் முடியாதவர்கள் பாரில் லிஃப்டிங் ஸ்ட்ராப்பைச் சுற்றி அதைப் பிடித்துக்கொள்ளலாம், முழங்கை தானாக உயரும். கைகளைக் குறுக்கே போட்டுப் பிடிப்பதும் உண்டு. லேசான எடையில் அது பரவாயில்லை, கனம் ஏறும்போது ஒரு தோள் தாழ்ந்து பார் கோணலாகிவிடும்.

தொடை எலும்பு நீளமானவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் உதாரண ஆளுக்கு 42க்குப் பதில் 47 சென்டிமீட்டர் தொடை இருந்து, கணுக்கால் அதே இடத்தில் நின்றால், கூடுதல் 5 சென்டிமீட்டரும் இடுப்புப் பக்கம்தான் சேரும். ஹை பாரில் இடுப்பு 31 பின்னால், சாய்வு 44 டிகிரி ஆகிவிடும். இப்படிப்பட்டவர்கள் பேக் ஸ்குவாட்டில் எவ்வளவு முயன்றாலும் நிமிர முடியாது. அதைத் தப்பான ஃபார்ம் என்று திருத்தப் பார்ப்பது வீண், பார் நடுப்பாதத்துக்கு மேல் நிற்க அவர் அந்த அளவு சாய்ந்தே ஆக வேண்டும். கால்களை இன்னும் அகட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினால் பக்கவாட்டில் தெரியும் தொடை நீளம் குறைந்து கொஞ்சம் நிமிரலாம். ஃப்ரண்ட் ஸ்குவாட்டில் பெரிய மாற்றத்தைப் பார்ப்பவர்களும் இவர்கள்தான்: பேக் ஸ்குவாட் முடிந்தால் முதுகுதான் வலிக்கிறது, தொடை தெரிவதே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, குதிகால் உயர்ந்த ஷூவும் முன்னால் வைத்த பாரும் சேரும்போது முதல் வாரத்திலேயே படி இறங்குவது சிரமமாகிவிடும்.

உங்கள் விஷயத்தில் எது நடக்கிறது என்று பார்க்க, ஃபோனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில், மூன்று மீட்டர் தள்ளி வைத்து இரண்டு வகையிலும் ஒரு கனமான செட்டைப் பதிவு செய்யுங்கள். தொடை தரைக்கு இணையாக இருக்கும் நொடியில் நிறுத்தி, பாரின் முனையிலிருந்து கீழே நேர்கோடு போட்டு, முட்டி அதற்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று இரண்டு படத்தையும் ஒப்பிடுங்கள். அளக்க வசதியாகப் பாரில் உள்ள பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். ஆனால் பிளேட் கேமராவுக்குக் கிட்டே இருப்பதால் அளவு கொஞ்சம் தவறும், ஒப்பிட அது போதும். ஃப்ரண்ட் ஸ்குவாட் படத்தில் மேலுடம்பு நிமிர்ந்தும் முட்டி அதே இடத்திலேயே இருந்தால், கணுக்காலையும் ஷூவையும் முதலில் கவனியுங்கள். எடை கூட்டுவது அதற்கு அப்புறம்.